திரும்ப வாங்க முடியாத கோப்பு

கேள்வி: "கிருஷ்ணகிரி பக்கம் மா விவசாயிங்களோட உற்பத்தியாளர் கம்பெனியில கணக்கு பாக்குறேன். 900 உறுப்பினர். சீசன்ல தினமும் அறுபது எழுபது புகார் வாட்ஸ்அப்ல வருது. அதைப் பிரிச்சுக் கொடுக்க ஏஐ வைக்கலாம்னு பேச்சு. ஒருத்தர் ஓப்பன் மாடலை நம்ம கம்ப்யூட்டர்லயே இறக்கி வைங்க, அதுதான் சேஃப்ங்கிறார். இன்னொருத்தர் ஓப்பன்னாலே யார் வேணா கை வைக்கலாம், டேஞ்சர், கவர்மென்ட்டே தடை பண்ணிடும்ங்கிறார். யார் சொல்றது சரி?"

ரெண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறார்கள். முதலாமவருக்குக் கவலை உங்கள் உறுப்பினர்களின் விவரம் வெளியே போய்விடுமோ என்பது. இரண்டாமவருக்குக் கவலை, அதே மாடலை எங்கோ ஒருவன் இறக்கி வைத்து என்ன செய்வானோ என்பது. வேடிக்கை என்னவென்றால் இந்த நன்மைக்கும் அந்த ஆபத்துக்கும் வேர் ஒன்றுதான். ஓப்பன் மாடல் என்றால் அதன் எண்கள் முழுவதும் அடங்கிய வெயிட் கோப்பையே வெளியிட்டுவிடுவது. அந்தக் கோப்பு ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அதை யாரும் திரும்ப வாங்க முடியாது. ஒட்டுக்கட்டக் குச்சியை நாலு பேருக்கு வெட்டிக் கொடுத்த பிறகு அந்த ரகத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? அது போலத்தான். உங்களிடமிருந்தும் பிடுங்க முடியாது, கெட்டவனிடமிருந்தும் பிடுங்க முடியாது.

முதலில் உங்கள் அலுவலகத்துச் சங்கதி. மாடல் என்பது கடைசியில் ஒரு பெரிய எண் பட்டியல். கூகுள் வெளியிட்ட ஜெம்மா 3-இல் 12 பில்லியன் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 1200 கோடி எண்கள். ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் 24 ஜிபி. அதை நான்கு பிட்டாகச் சுருக்கினால் கணக்குப்படி 6 ஜிபி வர வேண்டும். சில பகுதிகளை அவ்வளவு சுருக்காமல் விடுவதால் இறக்கும்போது சுமார் 8 ஜிபி இருக்கும். ஆகவே 16 ஜிபி ரேம் உள்ள சாதாரணக் கணினியில் ஓடும். ஓடும், ஆனால் மெதுவாக. ஏனென்றால் மாடல் பதிலைச் சொல்லாகவோ சொல்லின் பகுதியாகவோ துண்டு துண்டாக எழுதும், ஒவ்வொரு துண்டை எழுதவும் அந்த 8 ஜிபி முழுவதையும் ஒருமுறை நினைவகத்திலிருந்து படித்தாக வேண்டும். அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு ரேம் பட்டைதான் செருகியிருப்பார்கள். அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 25 ஜிபி. 25-ஐ 8-ஆல் வகுத்தால் நொடிக்கு மூன்று துண்டுதான். இரண்டு பட்டை போட்டால் ஆறு. நொடிக்கு 360 ஜிபி படிக்கும் 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் நாற்பதை ஒட்டி வரும். ரேம் கூட்டினால் வேகம் கூடும் என்று கடைக்காரர் சொன்னால் இந்த வகுத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது ரேமின் கொள்ளளவைவிட அது படிக்கும் விரைவுதான்.

தமிழுக்கு இன்னொரு அபராதம் உண்டு. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரு துண்டாகப் போய்விடும். நம் சொல் விகுதியும் வேற்றுமையும் சேர்ந்து நீளமானது, மாடலின் துண்டுப் பட்டியலில் தமிழுக்கு இடமும் குறைவு என்பதால் பல துண்டாக உடையும். அதனால் மாடலிடம் நீளமாகப் பதில் எழுதச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு புகாருக்கும் 'பணம் தாமதம்', 'எடைக் கழிவு', 'தரம் தள்ளுபடி', 'வண்டி', 'தெரியவில்லை' என்ற ஐந்தில் ஒன்றை மட்டும் எழுதச் சொன்னால், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியிலேயே எழுபது புகாரும் ஒரு டீ குடித்து வருவதற்குள் முடியும். அந்தத் 'தெரியவில்லை' முக்கியம். அது இல்லாவிட்டால் மாடல் புரியாததையும் ஏதோ ஒரு பெட்டியில் போட்டுவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வைப்பதற்கு முன் சோதித்துப் பாருங்கள். போன சீசனின் நூறு புகாரை எடுத்து, இரண்டு ஊழியர்களை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் பிரிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குள்ளேயே எட்டு இடத்தில் வேறுபட்டால், மாடல் எட்டு தப்புச் செய்ததற்குக் கோபப்பட முடியாது. எங்கே சறுக்கும் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லலாம். "காசும் வரல, எடையும் கொறச்சிட்டாங்க" என்று இரண்டு குறை ஒன்றாக வந்தால் ஒன்றை விழுங்கிவிடும். "panam innum varala" என்று ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில் சின்ன மாடல்கள் தடுமாறும். உங்கள் மாவட்டத்துக்கே உரியது ஒன்று உண்டு. வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உறுப்பினர்கள் தெலுங்கையும் கன்னடத்தையும் தமிழோடு கலந்து, சில நேரம் தமிழ் எழுத்திலேயே எழுதுவார்கள். இந்த மூன்று வகையிலும் பத்துப் பத்துப் புகாராவது அந்த நூறில் இருக்க வேண்டும். இந்த இடத்தில், கோப்பை வெளியே தராமல் நிறுவனங்கள் தங்கள் சர்வரிலேயே ஓட்டும் பெரிய மூடிய மாடல்கள் தெளிவாகவே மேல் என்று எதிர்பாருங்கள். அதை மறைத்து ஓப்பனுக்கு வக்காலத்து வாங்குவதில் அர்த்தம் இல்லை.

இனி, இறக்கி வைத்தாலே பாதுகாப்பு என்ற நம்பிக்கை. அது பாதிதான் உண்மை. ஒல்லாமா என்ற மென்பொருளைப் போட்டு இப்படி இறக்கலாம்:

```
ollama pull gemma3:12b
netstat -an | findstr 11434
```

இரண்டாவது வரி விண்டோஸில் கதவு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று காட்டும். `127.0.0.1:11434` என்று வந்தால் அந்தக் கணினிக்குள் மட்டும்தான். `0.0.0.0:11434` என்று வந்தால் அந்த வலையமைப்பில் உள்ள எல்லாருக்கும் திறந்திருக்கிறது. பக்கத்து மேசைக் கணினியிலிருந்தும் பயன்படுத்த வேண்டும் என்று யாராவது அமைப்பை மாற்றியிருப்பார்கள். அதற்குக் கடவுச்சொல் கிடையாது என்பதுதான் வினை. அதோடு ரௌட்டரிலும் வழி விட்டிருந்தால், உலகத்தில் யாரும் உங்கள் கணினியில் மாடலை ஓட்டலாம். 2024-இல் இதே மென்பொருளில் வெளியாள் தன் நிரலையே உள்ளே ஓட்டக்கூடிய ஓட்டை ஒன்று வெளிவந்தது, 0.1.34 பதிப்பில் அடைத்தார்கள். கதவைத் திறந்து வைத்து, பதிப்பையும் புதுப்பிக்காமல் விட்ட இடங்கள்தான் அதில் மாட்டக்கூடியவை. இன்னொரு பொறி: இப்போது அதே மென்பொருளில் `cloud` என்று பெயர் முடியும் மாடல்கள் இருக்கின்றன. கட்டளை அதே மாதிரி இருக்கும், ஆனால் ஓடுவது ஒல்லாமா நிறுவனத்தின் சர்வரில். நீங்கள் உள்ளூரில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இதற்கு எளிய சோதனை, மாடலை இறக்கி முடித்ததும் இணையக் கேபிளைப் பிடுங்கி, வைஃபையையும் அணைத்துவிட்டு ஒரு புகாரைக் கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் உள்ளூர்.

கோப்பை எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பதும் பார்க்க வேண்டியது. பிக்கிள் என்ற பழைய வடிவத்தில் வரும் மாடல் கோப்பைத் திறக்கும்போதே அதற்குள் ஒளித்து வைத்த நிரல் ஓடிவிட முடியும். மாடல்கள் குவிந்து கிடக்கும் ஹக்கிங் ஃபேஸ் தளத்திலேயே இப்படித் தீங்கான மாடல்கள் நூறளவில் இருப்பதை 2024 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்பு நிறுவனம் கண்டு சொன்னது. `.safetensors`, `.gguf` என்று முடியும் கோப்புகள் எண்களைத் தாங்குவதற்கென்றே செய்தவை, அவற்றை எடுங்கள். வெளியிட்ட நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து எடுங்கள். 'தமிழுக்கு மேம்படுத்தியது' என்று முன்பின் தெரியாதவர் போட்டதை ஆசைப்பட்டு எடுக்க வேண்டாம்.

அடுத்து மூடிய மாடல். நீங்கள் அனுப்பும் வரி அதை நடத்தும் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது, பதில் வருகிறது. வெயிட் கோப்பை நீங்கள் பார்ப்பதே இல்லை. போன வரி அங்கே எத்தனை நாள் இருக்கும், பயிற்சிக்கு எடுப்பார்களா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. தனி ஆளுக்கான இலவசச் செயலிக்கும் நிறுவனங்களுக்கான கட்டணச் சேவைக்கும் இந்த நிபந்தனை வேறு வேறு. ஊழியர் தன் சொந்தக் கைபேசிச் செயலியில் புகாரை ஒட்டிக் கேட்பதுதான் உண்மையில் அதிகம் நடக்கும் கசிவு. நீங்கள் எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அது அங்கே செல்லாது. கோளாறும் நடக்கும். 2023 மார்ச்சில் ஒரு மென்பொருள் நூலகப் பிழையால் சாட்ஜிபிடியில் சிலருக்கு அடுத்தவரின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன.

பெயரை எடுத்துவிட்டு அனுப்பினால் போதும் என்பார்கள். போதாது. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் தொடர் இலக்கம் என்பதால் ஒன்பதோ அதற்கு மேலோ இலக்கம் சேர்ந்து வருவதை எல்லாம் நிரலால் அழித்துவிடலாம். ஆதாரை நான்கு நான்காக இடைவெளி விட்டு எழுதியிருந்தால் இந்த வலையில் விழாது, அதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும். இதைவிடப் பெரிய ஓட்டை சர்வே எண். "பெயர் நீக்கம், பர்கூர் வட்டம், இந்த ஊர், சர்வே எண் 112/2பி" என்று அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். ஊரையும் சர்வே எண்ணையும் தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் போட்டால் பட்டாதாரர் யார் என்று வந்துவிடும். ஆக ஊர், சர்வே எண், பெயர் மூன்றையும் எடுத்துவிட்டு உங்கள் உறுப்பினர் எண்ணை மட்டும் விடுங்கள். அந்த எண் யாருடையது என்ற பட்டியல் உங்கள் கணினியில் மட்டும் இருக்கட்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்தாலும் பொறுப்பு உங்கள் கம்பெனியுடையதுதான். தக்க பாதுகாப்பு இல்லாமல் விட்டால் உச்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. 900 உறுப்பினர் கம்பெனிக்கு 250 கோடி போடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஓப்பனோ குளோஸ்டோ, பொறுப்பு கைமாறாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மூடிய மாடலில் யாரும் பேசாத ஆபத்து ஒன்று உண்டு, சுவிட்ச் அவர்கள் கையில் இருப்பது. 2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிரல் எழுதித் தரும் தன் அப்போதைய கோடெக்ஸ் சேவையை நிறுத்தப்போவதாகச் சொல்லிச் சில நாளே அவகாசம் கொடுத்தது. மாடல் பெயர் அதேதான் இருந்தாலும் உள்ளே பதிப்பு மாறினால், போன மாதம் சரியாகப் பிரித்த புகாரை இந்த மாதம் வேறு பெட்டியில் போடலாம். ஏஐ அல்லாத ஒரு சம்பவம் இதைவிடத் தெளிவு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காரணம் காட்டி மைக்ரோசாஃப்ட் நயாரா எனர்ஜி என்ற இந்திய எண்ணெய் நிறுவனத்தின் சேவைகளை நிறுத்தியது. காசு கட்டிய வாடிக்கையாளர்தான், இந்தியச் சட்டத்தை மீறியதாகவும் பேச்சில்லை. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகு சேவை திரும்பியது. மா விவசாயிகள் கம்பெனிக்கு ஐரோப்பியத் தடை வராது என்பது வேறு விஷயம். எங்கோ எடுக்கும் முடிவு இங்கே திரையை அணைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது உங்கள் இரண்டாவது நண்பரிடம் வருகிறேன். அவர் பயத்தில் பொருள் உண்டு. 2023 பிப்ரவரியில் மெட்டா தன் லாமா மாடலை ஆய்வாளர்களுக்கு மட்டும் என்று விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தது. ஓரிரு வாரத்தில் அது டொரண்டில் எல்லாருக்கும் கிடைத்தது. பிறகு யாரும் அதை உள்ளே இழுக்க முடியவில்லை. மாடலுக்குள் 'இதற்குப் பதில் சொல்லாதே' என்று பழக்கி வைப்பதும் அதே எண்களில்தான் இருக்கிறது. கோப்பு கையில் இருந்தால் சிறிது மறுபயிற்சி கொடுத்து அந்தப் பழக்கத்தை அழிக்கலாம். லாமா 2-இன் 13 பில்லியன் மாடலில் 200 டாலருக்கும் குறைவான செலவில் செய்து காட்டினார்கள். ஆகவே திறந்த மாடலில் உள்ள தடுப்பு, நேர்மையானவர் தவறிப் போய் விழாமல் இருப்பதற்கான வேலிதான். வெட்டியே தீருவேன் என்று வருபவனை நிறுத்தாது.

இதைக் கேட்டதும் 'அப்போ மூடியதுதான் பத்திரம்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே 2023-இல் வேறு ஆய்வாளர்கள் மூடிய மாடலான ஜிபிடி-3.5 டர்போவை, அதன் நிறுவனமே தந்த மறுபயிற்சி வசதியில், பத்தே பத்து உதாரணம் கொடுத்து 20 சென்ட்டுக்கும் குறைவான செலவில் தடுப்பை இழக்க வைத்தார்கள். உடைப்பது இரண்டிலும் முடிகிறது. வித்தியாசம் உடைந்த பிறகு வருகிறது. மூடிய பக்கத்தில் யார் செய்தார் என்ற பதிவு இருக்கும், கணக்கை முடக்கலாம், ஓட்டையை அடைத்தால் மறுநாள் எல்லாருக்கும் அடைபடும். திறந்த பக்கத்தில் இந்த மூன்றும் கிடையாது. புதிய பதிப்பு விடலாம், பழையதை வைத்திருப்பவன் வைத்திருப்பான்.

'திறந்தது என்றால் உள்ளே பார்க்கலாம், ஆகவே நம்பலாம்' என்ற வாதமும் அளவுக்கு மீறியது. நிரலைப் படிக்கலாம், எண்களைப் படிக்க முடியாது. 1200 கோடி எண்ணைக் கண்ணால் பார்த்து அதில் ஒளிந்த வஞ்சகத்தைக் கண்டுபிடிக்கும் முறை இன்றுவரை நம்பகமாக இல்லை. பயிற்சித் தரவில் 250 அளவு நஞ்சான ஆவணங்கள் சேர்ந்தாலே, மாடல் எவ்வளவு பெரியதானாலும், குறிப்பிட்ட ஒரு சொல்லைக் கண்டதும் உளற வைக்க முடிந்தது என்று 2025 அக்டோபரில் ஒரு சோதனை காட்டியது. அதில் 13 பில்லியன் வரைதான் சோதித்தார்கள், அதற்கு மேலும் அப்படியே பொருந்துமா என்பது திறந்த கேள்வி. பெரும்பாலான நிறுவனங்கள் வெயிட்டைத்தான் தருகின்றன, பயிற்சித் தரவைத் தருவதில்லை. அதனால்தான் இவற்றை ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லாமல் ஓப்பன் வெயிட் என்று சொல்ல வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் அடம் பிடிக்கிறார்கள். உரிமத்தையும் படியுங்கள். லாமாவின் உரிமத்தில் மாதம் 70 கோடிப் பயனாளர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று இருக்கிறது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

புதுமை என்று பேசினால் திறந்த பக்கத்துக்குச் சாட்சி நம் ஊர் மொழிகளிலேயே இருக்கிறது. தமிழுக்கு மட்டும் உழைக்க எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் லாபக் கணக்கு சரிப்படாது. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்குமான மொழிபெயர்ப்பு மாடலைத் திறந்தே வெளியிட்டது. பெங்களூரின் சர்வம் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட சர்வம்-எம், பிரான்ஸின் மிஸ்ட்ரல் கொடுத்த திறந்த மாடலின்மேல் கட்டியது. அடித்தளத்தை வேறொருவர் கோடிகள் போட்டுக் கட்டித் திறந்து வைத்ததால்தான் இது முடிந்தது. பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. நாளைக்கு அவர்கள் அடுத்த பதிப்பை மூடிவிட்டால், கையில் இருக்கும் பழையதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

அப்படியானால் யார் கையில் கடிவாளம் இருக்க வேண்டும்? அரசு தடை செய்யும் என்று உங்கள் நண்பர் சொல்வது இதுவரையான போக்குக்குப் பொருந்தவில்லை. 2024 ஜூலையில் அமெரிக்க வணிகத் துறையின் கீழுள்ள அமைப்பு, திறந்த வெயிட்டைக் கட்டுப்படுத்த இப்போது போதிய சான்று இல்லை, ஆனால் கண்காணிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐரோப்பியச் சட்டம் திறந்த மாடல்களுக்குச் சில சலுகைகள் கொடுத்துவிட்டு, பயிற்சிக்கு ஆன கணக்கீடுகளின் எண்ணிக்கை 10^25-ஐத் தாண்டினால் பரவலான ஆபத்து உள்ளது என்று கருதி அந்தச் சலுகையை எடுத்துவிடுகிறது. சந்தேகத்துக்கு இடமான பகுதியும் இதுதான். கெட்டவனுக்குத் திறந்த மாடல், கூகுள் தேடலும் நூலகமும் தருவதைவிட எவ்வளவு கூடுதலாகத் தருகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கணக்கீட்டு அளவை வைத்துக் கோடு கிழிப்பதும் தற்காலிகம்தான். போன வருடத்துப் பெரிய மாடல் செய்ததை இந்த வருடம் சின்னது செய்கிறது.

என் தனிக் கருத்து இது. உங்கள் கணினியில் ஓடும் அளவு மாடல்களைத் தடுப்பதில் பயனில்லை, அவை ஏற்கெனவே லட்சக்கணக்கான வட்டுகளில் கிடக்கின்றன. உச்சியில் இருக்கும் சில மாடல்களுக்கு மட்டும், வெயிட்டை வெளியிடும் முன், தடுப்பை எடுத்துவிட்டால் அது என்ன செய்யும் என்று வெளியார் சோதிக்க வேண்டும். தடுப்போடு சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது வீண், ஏனென்றால் அது நிற்காது என்று தெரிகிறது. அதே சமயம் இரண்டு மூன்று நிறுவனங்களிடம் மட்டும் எல்லாம் இருக்கட்டும் என்று விடுவதும் எனக்கு ஏற்பில்லை. நயாராவுக்கு ஒரு நீதிமன்றம் கிடைத்தது, பர்கூர் விவசாயிக்கு எந்த நாட்டு நீதிமன்றம்?

உங்கள் வேலைக்கு இப்படிச் செய்யுங்கள். புகாரைப் பிரிப்பது உள்ளூர் மாடலில் நடக்கட்டும், தப்பானால் நட்டம் சிறிது, உறுப்பினர் விவரமும் வெளியே போகாது. மாங்கூழ் ஆலைக்கோ வங்கிக்கோ ஆங்கிலக் கடிதம் எழுதுவதற்கு மூடிய மாடலின் கட்டணச் சேவையை வையுங்கள், பெயரும் ஊரும் சர்வே எண்ணும் இல்லாமல். 'தெரியவில்லை' பெட்டியில் விழுவதைத் தினமும் சாயங்காலம் ஒருவர் கையால் பிரிக்க வேண்டும். அது ஐந்தில் ஒன்றைத் தாண்டினால் வகைகளின் விளக்கத்தை மாற்றி எழுதி, அதே நூறு புகாரில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். இறக்கிய மாடல் கோப்பை ஒரு வெளி வட்டில் தேதி எழுதிப் பிரதி எடுத்து வையுங்கள். இதையெல்லாம் ஏப்ரலிலேயே செய்து முடியுங்கள். பெங்களூரா மாங்காய் லோடு ஆலை வாசலில் வரிசை கட்டிய பிறகு சோதனைக்கு யாருக்கும் நேரம் இருக்காது.